வெசாக் பட்டியலும் சிறைப் பதிவேடும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தாய், சிறையிலிருக்கும் தன் மகனைப் பற்றி என்னிடம், "ஐயா, வெசாக்குக்கு மகன் வந்துருவானா? காசு குடுத்தா லிஸ்டுல பேர் போடலாம்னு ஒருத்தர் சொல்றாரு" என்று கேட்டார். முன்விடுதலைக்கு வெவ்வேறு வழிகள் உண்டு என்பதையும், அவற்றை முடிவு செய்பவர்கள் வேறு வேறானவர்கள் என்பதையும் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

முதலாவது, நன்னடத்தைக்கான தண்டனைக் கழிவு. கைதி உள்ளே வந்ததும் சிறைப் பதிவேட்டில் கழிவைக் கணக்கிட்டு, அவர் விடுதலையாகக்கூடிய நாளைக் குறிப்பார்கள். சிறைக்குள் குற்றமிழைத்தால் விசாரணைக்குப் பின் கழிவை இழக்க நேரிடும். மனிதர் மாறியிருக்கிறாரா என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை என்பதும், சிறை நிர்வாகத்தின் ஒழுக்க விசாரணையே விடுதலை நாளைத் தள்ளிவிடக்கூடும் என்பதும் இதன் மீதான விமர்சனங்கள்.

இரண்டாவது, பிற நாடுகளில் பரோல் எனப்படுவதற்கு நெருக்கமான, உரிமம் வழங்கி நிபந்தனையுடன் விடுவிக்கும் முறை. இங்கே கழிவுக்கணக்கு மட்டும் போதாது. கைதியின் நடத்தையோடு, வெளியே அவருக்கு வீடும் வேலையும் பொறுப்பேற்கும் உறவினரும் உண்டா என்பதும் பார்க்கப்படுகிறது. லயன் காம்பராவில் எட்டுப் பேரோடு வாழும், சொந்தக் காணியற்ற குடும்பத்தின் நிலை அறிக்கையில் எப்படித் தோன்றும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வறுமையை ஆபத்தாக வாசித்துவிடுகிறார்கள் என்பதே என் முதன்மையான குறை.

மூன்றாவது, அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையின் கீழ் ஜனாதிபதி வழங்கும் மன்னிப்பு. வெசாக் போன்ற நாட்களில் சிறை அத்தியட்சகர்கள் தயாரிக்கும் பெயர்கள் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம், நீதி அமைச்சு ஆகியவற்றின் ஊடாக ஜனாதிபதி செயலகத்துக்குச் செல்கின்றன. 2025 மே மாதம் 388 பேருக்கு மன்னிப்பு அனுமதிக்கப்பட்டபோது, அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டது அம்பலமானது. மரண தண்டனைக் கைதியானால் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் பெறப்பட வேண்டும். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021இல் வழங்கப்பட்ட மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் இரத்துச் செய்தது. காரணம் கூறாமல் மன்னிப்பதே இந்த அதிகாரத்தின் மீதான பழைய முறைப்பாடு.

அந்தத் தாயின் மகனுக்கோ இவை எதுவும் தேவைப்படவில்லை. அவர் 15,000 ரூபாய் தண்டப்பணம் கட்டாததால் ஆறு மாதச் சிறையில் இருந்தார். தண்டப்பணத்தில் ஒரு பங்கைக் கட்டினால் அதே விகிதத்தில் சிறைக்காலம் குறையும் என்பது சட்டம். இரண்டு மாதம் முடிவதற்குள் 10,000 ரூபாய் கட்டினால், ஆறில் நான்கு மாதம் கழிந்து, இரண்டாம் மாத முடிவில் அவர் வெளியே வரலாம். தரகருக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை நீதிமன்றத்தில் கட்டி, பற்றுச்சீட்டைச் சிறை அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னேன். வெசாக்குக்குப் பதினோரு நாட்கள் முன்னதாகவே அவர் வீடு வந்துவிட்டார்.