ஏரிக்கு நடுவே ஒரு பிக்கப் பாயின்ட்: கே-மீன்ஸ் தவறும் இடமும் டிபிஸ்கேன் கைகொடுக்கும் இடமும்

பெங்களூரில் அலுவலக கேப் வண்டிகளுக்குப் பொதுவான ஏறுமிடங்களை முடிவுசெய்யும் வேலை, டேட்டா துறையில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் வந்து சேர்கிறது. ஊழியர்கள் செயலியில் குத்திய இருப்பிடப் பின்கள் கையில் இருக்கும். பன்னிரண்டு ஏறுமிடங்கள் வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருப்பார். உடனே, புள்ளிகளைக் கேட்ட எண்ணிக்கையில் கொத்துகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நடுப்புள்ளி தரும் கே-மீன்ஸ் முறையை ஓட்டி, வந்த பன்னிரண்டு நடுப்புள்ளிகளை அப்படியே அனுப்பிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த நடுப்புள்ளிகளை வரைபடத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தாலே போதும், வெளிவட்டச் சாலைப் பகுதியில் ஏதோ ஒன்று பெல்லந்தூர் ஏரித் தண்ணீருக்குள் கிடக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

இதற்குக் காரணம் நிரல் பிழை அன்று. இப்லூர், பெல்லந்தூர், யமலூர் ஆகிய இடங்களின் பின்கள் ஏரியைச் சுற்றி வளைந்து கிடக்கின்றன, கே-மீன்ஸ் அவற்றின் சராசரியைக் கேட்கிறது, வளைந்த உருவத்தின் சராசரியோ அதன் உள்வளைவில்தான் விழும். ஒவ்வொரு புள்ளியையும் தனக்கு மிக அருகிலுள்ள நடுப்புள்ளியோடு சேர்ப்பதால் இந்த முறையில் கொத்துகளுக்கு இடையிலான எல்லைகள் எப்போதும் நேர்கோடுகளாகவே அமைகின்றன. ஆகவே உருண்டு திரண்ட கூட்டங்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. சாலையோரம் நீண்டு, ஏரிக்கரையில் வளைந்து செல்லும் கூட்டங்களுக்குப் பொருந்துவதில்லை.

இரண்டாவது சிக்கல் கண்ணில் அவ்வளவு எளிதில் படாது. பொங்கலுக்குச் சேலம் போன மூன்று பேர் ஊரிலிருந்தபடியே செயலியைத் திறந்து, அங்கேயே பின் குத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சேலம் நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கே-மீன்ஸ் குறைக்க முயல்வது தூரத்தின் வர்க்கத்தை. ஆக அந்த மூன்று பின்களும் சேர்ந்து கணக்கில் ஏற்றும் தொகை 3 × 140 × 140, அதாவது 58,800. நகருக்குள் இருக்கும் 2,000 பின்கள் தத்தம் நடுப்புள்ளியிலிருந்து தலா 2 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் அவற்றின் மொத்தத் தொகை 8,000தான். எனவே பன்னிரண்டில் ஒரு நடுப்புள்ளியைச் சேலத்துக்கு ஒதுக்குவதே அந்தக் கணக்குக்கு இலாபம், நகருக்கு மிஞ்சுவது பதினொன்று. தொலைவான புள்ளிகளையே அதிக வாய்ப்போடு தொடக்கப் புள்ளியாக எடுக்கும் `k-means++` இந்தப் போக்கை இன்னும் உறுதியாக்கும். "எந்தக் கொத்திலும் சேராதவர்" என்று சொல்வதற்கு இந்த முறையில் இடமே இல்லை.

எஸ்டர், கிரீகல், சாண்டர், ஷு ஆகிய நால்வரும் 1996இல் முன்வைத்த டிபிஸ்கேன் கேட்கும் கேள்வியே வேறு. எத்தனை கொத்து வேண்டும் என்று அது கேட்பதில்லை; எவ்வளவு நெருக்கமாக இருந்தால் கூட்டம் என்று கொள்ளலாம் என்று கேட்கிறது. 150 மீட்டர் ஆரத்துக்குள் தன்னையும் சேர்த்துக் குறைந்தது 8 பின்கள் இருந்தால் அந்தப் பின் ஓர் அடர்புள்ளி. ஓர் அடர்புள்ளியிலிருந்து 150 மீட்டருக்குள் இன்னோர் அடர்புள்ளி இருந்தால் இரண்டும் ஒரே கொத்து, இப்படியே கைகோத்துக் கைகோத்துக் கொத்து வளர்ந்துகொண்டு போகிறது. தானாக 8 பேரைச் சேர்க்க முடியாமல், ஆனால் ஓர் அடர்புள்ளியின் எல்லைக்குள் நிற்பது எல்லைப்புள்ளி. இரண்டிலும் சேராதது இரைச்சல், அதற்கு `-1` என்ற எண் கிடைக்கும். சேலத்துப் பின்கள் மூன்றும் யாரையும் இழுக்காமல் அங்கே போய் ஒதுங்கிவிடும்.

```python
xy = np.radians(df[["lat", "lon"]])
db = DBSCAN(eps=0.15/6371, min_samples=8,
            metric="haversine",
            algorithm="ball_tree").fit(xy)
df["grp"] = db.labels_
```

இந்தச் சில வரிகளில் மிகுந்த கவனம் வேண்டிய இடம், அந்த 150 மீட்டர் எல்லையைக் குறிக்கும் `eps`. அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பாகையிலேயே கொடுத்து, இயல்பு மதிப்பான 0.5ஐயும் மாற்றாமல் விட்டால், அரைப் பாகை என்பது சுமார் 55 கிலோமீட்டர் ஆகிவிடும். அப்போது யெலஹங்காவும் எலக்ட்ரானிக் சிட்டியும் ஒரே கொத்தில் வந்து நிற்கும். விடையில் `0` என்ற ஒரே ஒரு கொத்தும், வெளியூர்ப் பின்களுக்கு மட்டும் `-1`உம் வந்தால், முதலில் அலகைச் சரிபார்க்க வேண்டும். மேலே உள்ள நிரலில் 150 மீட்டரைக் கிலோமீட்டராக்கி, புவியின் ஆரமான 6371ஆல் வகுத்திருப்பது ரேடியனுக்கு மாற்றுவதற்காகத்தான்.

150 என்ற எண்ணை ஊகித்து எடுக்கக் கூடாது. ஒவ்வொரு பின்னுக்கும் அதன் ஏழாவது அண்டைப் பின் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, அத்தூரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி வரைந்தால், நெடுந்தொலைவு தட்டையாகச் சென்ற கோடு ஓரிடத்தில் சட்டென்று மேலேறும். அந்த முழங்கை வளைவை ஒட்டிய தூரமே `eps`க்கு நல்ல தொடக்கம். ஆனால் வரைபடம் சுழியத்திலேயே நீண்ட நேரம் படுத்துக் கிடந்தால் வேறொரு கோளாறு இருக்கிறது என்று பொருள்: ஒரே ஊழியர் ஒரே அடுக்குமாடி வாசலில் நாள்தோறும் குத்திய பின்கள் அத்தனையும் தரவில் இருக்கின்றன. டிபிஸ்கேன் ஆளை எண்ணுவதில்லை, வரிசைகளை எண்ணுகிறது. இருபது நாள் வேலைக்கு வந்த ஒருவர் தனியாளாகவே ஓர் அடர்புள்ளியாகி, தனக்கென்று ஒரு கொத்தையும் பெற்றுவிடுவார். கொத்துவாரியாகப் பின்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஊழியர்களின் எண்ணிக்கையையும் அச்சிட்டால் இது உடனே தெரிந்துவிடும். ஓர் ஊழியருக்கு ஓர் இடத்துக்கு ஒரு பின் என்று முன்கூட்டியே சுருக்கிக்கொள்வதே சரியான வழி.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் டிபிஸ்கேன் மறுக்கும் ஒன்று உண்டு, அது அடர்த்தியில் ஏற்றத்தாழ்வு. பெல்லந்தூரில் நூறு மீட்டருக்குள் முப்பது பின்கள் இருக்கும், சர்ஜாபூர் சாலையில் தொம்மசந்திரா பக்கம் போனால் நானூறு மீட்டருக்குப் பத்துகூடத் தேறாது. 150இல் நிறுத்தினால் தொம்மசந்திரா மொத்தமும் இரைச்சலாகிவிடுகிறது. 400க்கு ஏற்றினால் இப்லூரிலிருந்து மாரத்தஹள்ளி வரை சாலையோரப் பின்கள் கைகோத்து ஒரே கொத்தாகிவிடுகின்றன. இரண்டுக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லவே இல்லை, எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பல அடர்த்திகளையும் ஒருசேரப் பார்க்கும் ஹெச்டிபிஸ்கேன் இதற்காகவே 2013இல் வந்தது, ஸைக்கிட்-லேர்னிலும் 1.3ஆம் பதிப்பு முதல் இருக்கிறது.

நீண்ட கொத்து தவறான விடை என்றும் நினைத்துவிடக் கூடாது. வெளிவட்டச் சாலை நெடுகிலும் ஆட்கள் நெருக்கமாக இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் வந்து ஏற முடியாது. அத்தகைய கொத்தை மட்டும் தனியே எடுத்து, அதற்குள் கே-மீன்ஸால் இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் சராசரிக்கும் மிக அருகிலுள்ள உண்மையான பின்னையே ஏறுமிடமாக வைப்பது என் வழக்கம். அப்போது தண்ணீருக்குள் எதுவும் விழாது. சாலையின் இரு பக்கமும் ஒரே கொத்தில் வந்திருந்தால் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட வேண்டும், ஏனெனில் நேர்கோட்டில் அறுபது மீட்டர் என்று கணக்குச் சொன்னாலும் அந்தச் சாலையைக் கடக்க நடைமேம்பாலம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக, `-1` வாங்கிய வரிசைகளை ஒரே கட்டளையில் நீக்கிவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் சேலத்துப் பின்னும் இருக்கிறது, தொம்மசந்திராவில் இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் ஊழியரின் பின்னும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எண்தான். பணிநேரத்தையும் தூரத்தையும் பக்கத்தில் வைத்துப் பிரித்தெடுத்து, முதலாமவரின் பின்னைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும், இரண்டாமவருக்கு வீட்டு வாசலுக்கே வண்டி அனுப்ப வேண்டும்.