வாலாட்டும் நாய் ஏன் உறுமியது?

தம் ஐந்து வயது மகள், உறவினர் வீட்டு நாயை நோக்கிக் கை நீட்டும் படமொன்றை வாசகர் ஒருவர் அனுப்பியிருந்தார். வாலாட்டிக்கொண்டு நின்ற நாய், படம் எடுத்த மறுகணமே உறுமியது ஏன் என்பது அவருடைய கேள்வி.

வாலாட்டம் நாய் கிளர்ச்சியுற்றிருப்பதை மட்டுமே காட்டுகிறது. அது மகிழ்ச்சியா அச்சமா என்பதை வால் நிற்கும் உயரமும் உடலின் இளக்கமும்தாம் சொல்கின்றன. இதில் அசையாத படம் நம்மை ஏமாற்றக்கூடும். கேமராவின் ஷட்டர் 1/1000 நொடி மட்டுமே திறந்திருந்தால், வேகமாக ஆடும் வாலும் விறைத்து நிற்பதுபோல் தெளிவாகப் பதியும். 1/60 நொடி என்றால் அதே வால் மங்கலாகிவிடும். ஆகவே நான் வாலைவிட இடுப்பையே முதலில் பார்ப்பேன். மகிழ்ந்த நாயின் ஆட்டம் வாலோடு நிற்பதில்லை. இடுப்பும் சேர்ந்து ஆடுவதால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது, அந்த வளைவு பெரும்பாலும் படத்தில் விழும். வாசகரின் படத்திலோ முதுகு நேர்கோடாக இருக்கிறது, வால் பின்னங்கால்களை ஒட்டித் தாழ்ந்திருக்கிறது, அதன் நுனி மட்டுமே மங்கியிருக்கிறது. கிரேஹவுண்டுக்கு வால் இயல்பிலேயே தாழ்ந்தும் பக் நாய்க்குச் சுருண்டும் இருக்கும் என்பதால், இந்த நாய் அமைதியாக நிற்கும் வேறொரு படத்தையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டேன். அதில் வால் முதுகின் மட்டத்தில் இருந்தது.

உரிமையாளரைக் கண்ட நாய்களின் வால் வலப்புறமும், ஆதிக்கம் செலுத்தும் அந்நிய நாயைக் கண்டபோது இடப்புறமும் கூடுதலாகச் சாய்வதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் 30 நாய்களிடம் அளந்து காட்டினர். ஆனால், பல வீச்சுகளை அளந்தால்தான் தெரியும் இந்தச் சாய்வை ஒற்றைப் படத்தில் தேடிப் பயனில்லை.

இந்த நாயின் காதுகள் தொங்கும் வகை. அத்தகைய காதின் நுனி எதையும் சொல்லாது. காது தலையோடு சேரும் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். இங்கே அது பின்னோக்கி இழுபட்டு, நெற்றி வழவழப்பாகத் தெரிகிறது. உடல் எடை பின்னங்கால்களில் இருக்கிறது, ஒரு முன்னங்கால் தரையிலிருந்து சற்றே எழும்பியிருக்கிறது. முகத்தைக் குழந்தையிடமிருந்து திருப்பிய நாய், கண்ணை மட்டும் அவள் கைமேல் வைத்திருக்கிறது. அதனால்தான் விழியோரத்தில் வெள்ளை, பிறைபோல் தெரிகிறது. விலகிச் செல்ல விரும்பும் நாயின் நிலை இது.

விலக இடமிருந்ததா என்பதைப் படத்தின் ஓரங்கள் சொல்கின்றன. நாயின் பின்னால் சுவர், இடப்புறம் சோபா, எதிரே குழந்தை. போக வழியில்லாததால் அது உறுமியது. அதற்காக நாயைத் திட்டினீர்களா என்று கேட்டதற்கு, ஆம் என்று பதில் வந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். திட்டு வாங்கிய நாய் உறுமலைத்தான் விட்டுவிடுமே தவிர அச்சத்தை விடாது, அடுத்தமுறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். மகளை இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி, கையை உடலோடு ஒட்டி நிற்கச் செய்யுங்கள். நாய் தானாக அருகில் வந்தால் மட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, அதன் மார்பைத் தடவட்டும்.