சிவப்பை முந்தும் மஞ்சள் விளக்கு

ஈசூனில் வசிக்கும் ஒரு வாசகர் தம் காரின் டேஷ்போர்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நான்கு விளக்குகள் எரிகின்றன. சிவப்பில் எண்ணெய்க் குவளையும் பேட்டரியும், மஞ்சளில் இன்ஜினும் ஆச்சரியக்குறி போட்ட டயரும். எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சொல்லச் சொன்னார்.

நிறத்தை வைத்துப் பார்த்தால் சிவப்புதான் முதலில். கார் ஓடும்போது எண்ணெய்க் குவளை எரிந்தால், இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும், இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டக் கூடாது. இன்ஜின் சூடு, பிரேக் ஆகியவற்றின் சிவப்பு விளக்குகளும் இதே ரகம். பேட்டரி விளக்கு அடுத்த படி. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை, பேட்டரியில் மிச்சமிருப்பதை வைத்து வண்டி ஓடுகிறது. ஏர்கானை அணைத்து, சூட்டுமானியைக் கவனித்தபடி அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடலாம். டயரில் அன்றைக்கே காற்று பார்த்தால் போதும், பெட்ரோல் நிலையத்திலேயே அந்த வசதி உண்டு.

ஆனால் அந்தப் படத்தில் இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் 0-இல் நிற்கிறது. சாவியைத் திருகியிருக்கிறார், இன்ஜின் ஓடவில்லை. ஓடாத இன்ஜினில் ஆயில் பம்ப்பும் சுற்றாது, ஆல்டர்னேட்டரும் சுற்றாது. அப்போது அந்த இரு சிவப்பு விளக்குகளும் எரியத்தான் வேண்டும். எரியாவிட்டால்தான் கவலை. வண்டியைக் கிளப்பிப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் அணைந்தன. மஞ்சள் இன்ஜின் விளக்கு அணையவில்லை. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மேலேறும்போது அது சிமிட்டுகிறது என்றும் எழுதினார். படத்தில் சிமிட்டல் தெரியாது. அந்தத் தகவலால் வரிசையே மாறிவிட்டது.

சிமிட்டாமல் எரியும் இன்ஜின் விளக்கு என்றால், இந்த வாரத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம். சிமிட்டினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது, அதுவும் சேதம் விளைவிக்கும் அளவுக்கு. இதைக் கணினி கண்டுபிடிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க அதனிடம் எந்தக் கண்ணும் இல்லை. கிராங்க் தண்டோடு சுழலும் ஒரு பல்சக்கரமும் அதன் பக்கத்தில் ஒரு காந்த உணரியும் மட்டுமே உள்ளன. பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பற்களுக்கான இடம் இருக்கும். அதில் இரண்டை விட்டு 58 பற்களை வெட்டியிருப்பார்கள். அந்த இடைவெளிதான் சுற்று எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிறது.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் தண்டு அரைச்சுற்று சுற்றுவதற்குள் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் வெடித்துத் தண்டைத் தள்ளும். நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் ஓர் அரைச்சுற்றுக்கு சுமார் 33 மில்லி நொடி. ஒரு சிலிண்டரில் அது வெடிக்கத் தவறினால் அந்தத் தள்ளல் கிடைக்காது, அந்த அரைச்சுற்று மட்டும் சற்றே நீளும். காலில் நாம் உணராத அந்தத் தாமதத்தைக் கணினி பற்களை எண்ணியே பிடித்துவிடுகிறது. கேம் தண்டின் உணரியோடு ஒப்பிட்டு, தவறியது எந்தச் சிலிண்டர் என்றும் சொல்லிவிடுகிறது. மேடுபள்ளச் சாலையிலும் சக்கரங்கள் தண்டை உலுக்கும் என்பதால், அப்போது வரும் கணக்கைப் பல கார்கள் தள்ளிவிடுகின்றன.

இப்படி 200 சுற்றுகளுக்கு ஒருமுறை தவறுகளை எண்ணிப் பார்க்கும். எரியாத பெட்ரோலும் ஆக்சிஜனும் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிப் பெட்டிக்குள் போய் அங்கே எரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பீங்கான் கூடு அளவுக்கு மீறிச் சூடேறினால் பூச்சு செயலிழக்கும், முற்றினால் கூடே உருகும். தவறுகளின் எண்ணிக்கை அந்தச் சேதத்துக்குப் போதுமான அளவை எட்டியதும் விளக்கு சிமிட்டுகிறது. மேலேறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், பலவீனமான தீப்பொறி அப்போதுதான் தோற்கும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்த வேண்டும். அப்படியும் சிமிட்டல் நிற்காவிட்டால் வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றொரு நம்பிக்கை நம்மவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல கார்களில் விளக்கோடு சேர்த்து, பழுது வந்த நொடியின் வேகமும் சூடும் சுமையும் நினைவகத்திலிருந்து அழிந்துபோகும். மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சாட்சி அதுதான்.

வாசகரின் காரில் ஸ்கேனர் காட்டியது `P0302`, அதாவது இரண்டாம் சிலிண்டர். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை நேரே புதிதாக வாங்கிவிட வேண்டாம் என்றேன். இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதன் காயிலை இங்கே மாட்டி, பழைய குறியீட்டைக் குறித்துவைத்த பிறகு அழித்து, மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். குறியீடு `P0303` ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. `P0302` ஆகவே நின்றால் ஸ்பார்க் பிளக்கையும், பிறகு இன்ஜெக்டரையும் இதேபோல மாற்றிப் பார்க்க வேண்டும். அவருக்கு `P0303` வந்தது.