தொங்கும் பாரம் தின்ற பத்து ஆண்டுகள்

"எஃகுத் தண்டின் அதிர்வைக் கருவி வைத்து அளந்து, பதினைந்து ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டோம். ஐந்தாம் ஆண்டே முறிந்துவிட்டது. விதி பொய்யா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தண்டின் நுனியில் ஒரு பாரம் எப்போதும் தொங்கும் என்பதையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். விடை அங்கேதான் இருக்கிறது.

அவர் சொல்லும் விதியைப் பந்துத் தாங்கிகளுக்காக 1924இல் பாம்கிரெனும், விமான அலுமினியத்துக்காக 1945இல் மைனரும் முன்வைத்தார்கள். உலோகத்தின் ஒவ்வொரு சதுர அளவிலும் விழும் விசையே தகைவு; ஓர் அதிர்வில் அது நடுநிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அது தகைவு வீச்சு, முழு அதிர்வு ஒன்று ஒரு சுற்று. ஒரு தகைவு வீச்சை உலோகம் பத்து லட்சம் சுற்றுகள் தாங்கும் என்றால், ஒவ்வொரு சுற்றும் அதன் ஆயுளில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தின்கிறது. தின்ற பங்குகளைக் கூட்டினால் 1 வரும்போது தண்டு முறியும்.

எளிய எண்களில் பார்ப்போம். தண்டு 200 மெகாபாஸ்கல் வீச்சைப் பத்து லட்சம் முறையும், 300ஐ ஏறத்தாழ 1.32 லட்சம் முறையும் தாங்கும். நாளொன்றுக்கு முதல் வகை 100 சுற்று, இரண்டாம் வகை 10 சுற்று. சேதம் முறையே 0.0001, 0.000076. எண்ணிக்கையில் பத்தில் ஒன்றே ஆனாலும், பெரிய குலுக்கல்கள் சிறியவை செய்யும் சேதத்தில் முக்கால் பங்கைச் செய்துவிடுகின்றன! மொத்தம் 0.000176; ஆயுள் சுமார் 5,680 நாள், அதாவது பதினைந்தரை ஆண்டு.

இனி பாரத்தைத் தொங்கவிடுவோம். அது 120 மெகாபாஸ்கல் நிலையான இழுப்பைத் தருகிறது. அதிர்வின் வீச்சு துளியும் மாறவில்லை. கருவியும் பழைய எண்ணையே காட்டும். ஆனால் தண்டை முறிக்கும் நுண்விரிசலின் பக்கத்திலிருந்து பாருங்கள். பாரம் இல்லாதபோது சுற்றின் பாதி நேரம் அமுக்கம். விரிசலின் இரு முகங்களும் ஒட்டிக்கொள்ள, நுனி வளராது. பாரம் தொங்கினால் வாய் மூடும் நேரம் குறைகிறது, திறப்பும் அகலமாகிறது. நிலையான இழுப்பையும் கணக்கில் சேர்க்கும் குட்மேன் திருத்தம் இதை ஒரே வகுத்தலில் பிடிக்கிறது. எஃகின் இழுவலிமை, அதாவது இழுத்தே அறுக்கத் தேவையான தகைவு, 600 என்றால்:

200 ÷ (1 − 120/600) = 250

இதேபோல் 300 என்பது 375 ஆகிறது. அளவில் மாறாத வீச்சு சேதக் கணக்கில் கால் பங்கு கூடியதற்கு ஆயுள் மூன்றில் ஒன்றாகிறது, ஏனெனில் இந்த எஃகில் ஆயுள் வீச்சின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதம். ஆகவே 1,860 நாள், ஐந்து ஆண்டு.

இருந்தாலும் இந்தக் கூட்டலுக்கு வரிசை தெரியாது. வழவழப்பான தண்டில் பெரிய சுமை முதலில் வந்து விரிசலைத் தொடங்கிவைத்தால், 1 வருமுன்பே முறியலாம். ஏற்கெனவே வளரும் விரிசலில் ஒரு பெரிய இழுப்பு, நுனியைச் சுற்றி எஞ்சிய அமுக்கத்தை விட்டுச்சென்று அதன் வேகத்தைக் குறைப்பதும் உண்டு. உண்மையான குலுக்கல் வரிசையை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் சோதனைகளுக்குப் பணம் ஒதுக்கப் பலருக்கும் மனம் வருவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. வரிசை தெரியாத கூட்டலை முழுதாக நம்ப முடியாததால்தான், பற்றவைத்த இணைப்புகளுக்குக் கூட்டுத்தொகை 0.5ஐத் தாண்டாமல் பலர் வடிவமைக்கிறார்கள்.