'செய்யப்படும்' என்பதையும் சேர்த்து எடுங்கள்

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. போன மாதம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ஓர் அறிவிப்பைக் கொண்டுவந்தார். தமிழ் எழுத்தில்தான் இருந்தது.

"வாட்டர் டேங்க் க்ளீனிங் ஒர்க் நடைபெறுவதால் ஞாயிறு மார்னிங் 10 முதல் ஈவினிங் 4 வரை வாட்டர் சப்ளை ஸ்டாப் செய்யப்படும். ரெசிடென்ட்ஸ் தேவையான வாட்டரை அட்வான்ஸாக ஸ்டோர் செய்து கோஆபரேட் செய்யவும்."

தமிழில் மாற்றித் தரச் சொன்னார். ஆங்கிலச் சொல் இருந்த இடத்தில் எல்லாம் ஒரு தமிழ்ச்சொல்லை வைத்தேன். "நீர் வழங்கல் நிறுத்தம் செய்யப்படும். குடியிருப்போர் தேவையான நீரை முன்கூட்டியே சேமிப்பு செய்து ஒத்துழைப்பு நல்கவும்" என்று வந்தது. அவர் படித்துவிட்டு, "கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கே சார்" என்றார். அவர் சொன்னது சரி.

கோளாறு சொற்களில் இல்லை, 'செய்' என்ற ஒட்டில் இருக்கிறது. ஆங்கில வினைச்சொல் தமிழுக்குள் வரும்போது 'செய்' அல்லது 'பண்ணு' என்பதைத் துணைக்கு அழைத்துவரும்: ஸ்டாப் செய், ஸ்டோர் பண்ணு. ஆங்கிலத்தை மட்டும் எடுத்துவிட்டுத் துணையை விட்டுவைத்தால், அதன் முன்னால் ஒரு பெயர்ச்சொல்லைத்தான் வைக்க முடியும். 'நிறுத்தம் செய்', 'சேமிப்பு செய்' என்று வருவது அப்படித்தான். விறைப்பும் அங்கேதான் ஏறுகிறது. இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டு, வீட்டில் அதை எப்படிச் சொல்வோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் வராது என்போம், பிடித்து வைத்துக்கொள் என்போம். யாரும் நீரைச் சேமிப்பு செய்வதில்லை.

அப்படிக் கேட்டுப் பார்த்து மாற்றி எழுதியது இது:

"மாடித் தொட்டியைக் கழுவுகிறோம். ஞாயிறு காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை குழாயில் தண்ணீர் வராது. வேண்டிய தண்ணீரை முன்னாடியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்."

'கோஆபரேட்' என்பதற்கு மாற்றுச்சொல் தேடவே இல்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதானே அந்த ஒத்துழைப்பு?

எல்லா ஆங்கிலச் சொல்லையும் துரத்த வேண்டியதில்லை. இதே அறிவிப்பில் மோட்டார் வந்திருந்தால் மோட்டார் என்றே விட்டிருப்பேன். லிஃப்ட்டும் அப்படித்தான். 'மின்தூக்கி' நல்ல சொல், எனக்குப் பிடிக்கும். ஆனால் பழுதான லிஃப்ட்டின் கதவில் ஒட்டும் தாளை, அவசரமாக வருகிறவர் ஒரு நொடிகூட நின்று யோசிக்காமல் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே சொல்லை ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் விட்டுவைப்பதும் உண்டு. மேலே 'அட்வான்ஸாக' என்பது 'முன்னாடியே' ஆயிற்று. வாடகை வீட்டு அறிவிப்பில் வரும் 'அட்வான்ஸ்' என்பதை நான் தொடுவதில்லை. 'முன்பணம்' என்று போட்டால், காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கிற தொகையா, வாடகையில் கழிகிற தொகையா என்ற குழப்பம் வந்துவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அறிவிப்பை வாய்விட்டுப் படிப்பேன். அன்று செயலாளரையே படிக்கச் சொன்னேன். 'மாலை 4 மணி வரை' என்று நிறுத்தியவர், "தொட்டி நிறையவே அஞ்சு ஆயிடுமே" என்றார். 4 என்பதை 5 ஆக்கி அனுப்பினோம்.