கருநிலா லிலித்: ஒரே குழந்தைக்கு மூன்று இடங்கள்

வேலூர்ப் பக்கம் ஜாதகம் பார்க்கிறவர்களிடம் இப்போது புதிதாக ஒரு கேள்வி வருகிறது. கைப்பேசியில் பிறந்த நேரத்தைப் போட்டுப் பார்த்த பிள்ளைகள், "லிலித்னு ஒண்ணு போட்டிருக்கே, அது எந்தக் கிரகம் ஐயா?" என்று கேட்கிறார்கள். அது கிரகமே இல்லை. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அந்தத் திசைக்குத் திருப்பினாலும் லிலித் என்று ஒன்று தெரியாது. ராகு, கேதுவைப் போல அதுவும் கணக்கில் மட்டும் இருக்கிற ஒரு புள்ளி.

சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை வட்டமல்ல, லேசாக நீண்ட நீள்வட்டம். பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தள்ளி இருக்கும் சந்திரன், கிட்டே வரும்போது சுமார் 3,63,000 கி.மீ.க்கும், எட்டப் போகும்போது சுமார் 4,05,000 கி.மீ.க்கும் போகிறது. எட்டப் போய் நிற்கும் அந்த முனையின் திசைதான் கருநிலா லிலித். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் உண்டு. ஒன்றில் பூமி இருக்கிறது, ஏறக்குறைய 42,000 கி.மீ. தள்ளி இருக்கும் மற்றொன்றில் எதுவும் இல்லை. சிலர் அந்தக் காலிக் குவியத்தையே லிலித் என்பார்கள். பூமியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே திசையில் இருப்பதால் ராசிக்கட்டத்தில் வித்தியாசம் வராது.

பெயர்தான் மேற்கிலிருந்து வந்தது. புள்ளி நமக்குப் பழையது. சூரிய சித்தாந்தம் இதைச் சந்திரனின் மந்தோச்சம் என்கிறது. சந்திரன் ரிஷபத்தில் உச்சம் என்று பலன் சொல்கிறோமே, அது வேறு. ஒரு மகாயுகத்தின் 43,20,000 ஆண்டுகளில் மந்தோச்சம் 4,88,203 முறை சுற்றும் என்பது அந்த நூலின் கணக்கு. வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 8.85 ஆண்டு வருகிறது. இன்றைய வானியல் சொல்வதும் அதேதான். வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரனின் அன்றாட இடத்தைச் சொல்ல 248 வாக்கியங்கள் இருப்பதற்கும் இந்த முனைதான் காரணம். ஒரு முனையிலிருந்து கிளம்பிய சந்திரன் திரும்ப அதே முனைக்கு வர 27.55 நாள் ஆகிறது. ஒன்பது தடவை போய்வந்தால் 248 நாள். நம் கணிதர்கள் சந்திரனின் வேகத்தைத் திருத்த இந்தப் புள்ளியை வைத்தார்கள், பலன் சொல்ல வைக்கவில்லை.

சரி, இடம் தெரிந்த புள்ளிதானே, இதில் சிக்கல் எங்கே? சூரியனிடம். சூரியனின் இழுப்பால் நீள்வட்டம் ஒரே வடிவத்தில் நிற்பதில்லை, அதன் நீண்ட அச்சும் முன்னும் பின்னும் ஆடுகிறது. இந்த ஆட்டத்தை என்ன செய்வது என்பதில்தான் மூன்று கட்சிகள்.

முதல் கட்சி ஆட்டத்தை ஒதுக்கிவிட்டுச் சராசரியை எடுக்கிறது. இது சராசரி லிலித். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை. இது ஒரு நாளைக்கு ஏழு கலைக்குச் சற்றுக் குறைவாக, எப்போதும் முன்னோக்கியே நகரும். இரண்டாவது கட்சி, அந்தக் கணத்தில் சந்திரன் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் எடுத்துக்கொண்டு, சூரியன் இல்லை, பூமி மட்டுமே இழுக்கிறது என்று வைத்து ஒரு நீள்வட்டம் வரைகிறது. அதன் எட்ட முனைதான் 'உண்மை' லிலித். பாதை ஏறத்தாழ வட்டமாகவே இருப்பதால், வேகம் துளி மாறினாலும் அச்சு எங்கோ திரும்பிவிடுகிறது. அதனால் இது சராசரியிலிருந்து 30 பாகை வரைகூட விலகும், மாதத்தில் சில நாள் வக்கிரமாக, அதாவது பின்னோக்கியும் போகும். மூன்றாவது கட்சி, சந்திரன் நிஜமாகவே உச்ச முனையைத் தொட்ட இடங்களை மட்டும் குறித்து, அவற்றை ஒரு வளைகோட்டால் இணைக்கிறது. இயற்கை லிலித் என்ற பெயரில் வருவது இதுதான். சராசரியிலிருந்து ஐந்து பாகை அளவுக்குத்தான் விலகும்.

2000 ஜனவரி 20 அன்று விடியற்காலை 4.15 மணிக்கு வேலூரில் ஒரு பெண் குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். வேண்டுமென்றேதான் இந்த நேரத்தை எடுத்தேன். அப்போது சந்திரன் பூமிக்கு மிகக் கிட்டே வந்து நின்றது. மேற்கத்திய சாயன முறையில் சராசரி லிலித் தனுசு 25 பாகையில் இருக்கிறது. சந்திரன் கிட்ட முனையில் நிற்கும் கணத்தில் 'உண்மை' லிலித் அதற்கு நேர் எதிரே விழும். சந்திரன் கடகம் 12-ல் இருந்ததால் அது மகரம் 12. ஆனால் சந்திரன் எட்டப் போய் நின்றது ஜனவரி 4 மாலையிலும் பிப்ரவரி 1 காலையிலும். அந்த இரண்டு இடங்களும் தனுசு 19, 22. இடையில் வைத்துப் பார்த்தால் இயற்கை லிலித் தனுசு 21-ஐ ஒட்டி வருகிறது.

இதையே, இரண்டு முறைகளுக்கும் உள்ள இடைவெளியான லாகிரி அயனாம்சம் கழித்து நம் நிராயன முறைக்குக் கொண்டுவந்தால், சராசரி தனுசு ஒன்றரை பாகை, மூலம். 'உண்மை' தனுசு 18, பூராடம். இயற்கை விருச்சிகம் 27, கேட்டை. ஒரே குழந்தைக்கு மூன்று நட்சத்திரம்! ஜனவரி 4-லிருந்து இந்த நேரம் வரை சராசரிப் புள்ளி இரண்டு பாகைகூட நகரவில்லை. 'உண்மை' மட்டும் சாயனக் கணக்கில் தனுசு 19-லிருந்து மகரம் 12-க்கு வந்துவிட்டது. அந்தப் பெயரை நான் ஒத்துக்கொள்வதில்லை. சந்திரன் எட்ட முனையில் நிற்கும்போது மட்டும்தான் அந்தப் புள்ளியில் சந்திரனே இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அது, சூரியன் இல்லாத ஒரு வானத்தில் சந்திரன் எங்கே உச்சமாகியிருக்கும் என்ற கற்பனை. வானத்தோடு ஒட்டி நிற்பது மூன்றாவது முறைதான்.

பலன் சொல்லும் மரபுகளும் ஒன்றல்ல. 20-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஜோதிடர்கள் காலிக் குவியத்திலிருந்து தொடங்கினார்கள். அவர்களுக்கு லிலித் என்றால் வெறுமை, மறுப்பு, மனிதர் எதைக் கொடுத்தாலும் நிறையாத இடம். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் யூதக் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆதாமின் முதல் மனைவி லிலித், அவனுக்குக் கீழ்ப்பட மறுத்து வெளியேறியவள். ஆகவே அடக்கி வைத்த பெண் கோபமும் காமமும் அங்கே இருப்பதாகச் சொல்வார்கள். ரஷ்யாவில் ஜோதிடர் பாவெல் குளோபாவின் வழியில் வந்தவர்களுக்கு அது சபலமும் தீமையும் சேரும் இடம். எதிர்த் தட்டில் செலினா என்ற வெண்நிலாவையும் வைப்பார்கள். ஏழு ஆண்டில் சுற்றுவதாகச் சொல்லப்படும் அந்த வெண்நிலாவுக்கு ஈடாகச் சந்திரனின் பாதையில் எதுவும் இல்லை.

நம் குழந்தைக்கே இதைப் பொருத்துங்கள். தனுசு என்றால் குருவையும் மதத்தையும் ஏற்காத பெண் என்பார்கள். மகரம் என்றால் தகப்பன், பதவி, அதிகாரம் ஆகியவற்றோடு மோதுகிறவள் என்பார்கள். அந்த மாற்றம் அவள் பிறப்பிலிருந்து வரவில்லை, செயலியில் எந்தக் கணக்கு தேர்வாகியிருக்கிறது என்பதிலிருந்து வருகிறது. இந்தப் புள்ளி ஒருவரின் குணத்தை மாற்றுகிறது என்று காட்டும் அளவீடும் எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் வரன் பேச்சில் இதைக் கொண்டுவந்து வைப்பது அநியாயம்.

கையில் இருக்கும் லிலித் எது என்று கண்டுபிடிப்பது சுலபம். பல செயலிகளுக்கு அடியில் இருப்பது சுவிஸ் எபிமெரிஸ் என்ற கணக்கு நிரல். அதில் சராசரிக்கு `SE_MEAN_APOG`, 'உண்மை'க்கு `SE_OSCU_APOG`, இயற்கைக்கு `SE_INTP_APOG` என்று பெயர். அமைப்புப் பக்கத்தில் விவரம் இல்லையென்றால், பிறந்த தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டுப் பாருங்கள். ஏழு கலை போல நகர்ந்தால் அநேகமாகச் சராசரிதான். பல பாகை தாவினால் 'உண்மை'. அப்புறம், லிலித்துக்குப் பக்கத்தில் 1181 என்ற எண் இருந்தால் அது கருநிலாவே அல்ல. 1927-ல் கண்டுபிடிக்கப்பட்ட, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் ஒரு சிறுகோள்.