சோடா குடித்ததும் சரியாகிவிட்டதா?

ஐம்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு இரவு பதினொரு மணிக்கு மேல்வயிற்றில் அடைத்தாற்போல இருக்கிறது. சோடா குடித்ததும் ஏப்பம் வந்து சற்றே தேவலையாகிறது. “கேஸ்தான்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறார்.

அது கேஸ் அல்ல, மாரடைப்பு என்பது தெரியாமல் அவர் ஏமாந்ததில் வியப்பில்லை. இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. இரண்டு வீட்டுக்கு ஒரே அழைப்பு மணி வைத்ததுபோல, எந்த வாசலில் ஆள் நிற்கிறார் என்று மூளைக்குத் தெரிவதில்லை.

ஆனாலும் இரண்டின் போக்கும் வேறு. இரைப்பையின் மேல்வாயை மூடும் தசை தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அதனால் எரிச்சல் நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டையை நோக்கி நகரும், வாயில் புளிப்பு தட்டும், குனிந்தாலும் படுத்தாலும் அதிகமாகும். இதயவலி பெரும்பாலும் எரிச்சலாக இல்லாமல் அழுத்தமாக, பாரமாக இருக்கும். கை, தோள், தாடைக்குப் பரவலாம். மாடிப்படி ஏறும்போது வந்து, நின்றதும் சில நிமிடங்களில் அடங்கினால் இதயத் தமனி சுருங்கியிருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இரத்தக்கட்டி தமனியை அடைத்துவிட்டாலோ ஓய்வெடுத்தாலும் வலி விடாது. குளிர்ந்த வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்துகொள்ளும்.

நம்மவரின் சிக்கல் இதயத்தின் அடிப்பக்கத்தில். அந்தப் பகுதி நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அதற்குக் கீழேதான் இரைப்பை. அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் மூளையை இதயத்தோடும் இரைப்பையோடும் இணைக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டுக் குமட்டலும் வாந்தியும் வரலாம். நெஞ்சுவலியே இல்லாமல் மேல்வயிறு மட்டும் கனக்கலாம். சர்க்கரை நோய் நரம்புகளை மழுங்கடித்திருந்தால் வலி இன்னும் மங்கலாகத்தான் தெரியும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும்கூட வெறும் களைப்பு, மூச்சு வாங்குதல், குமட்டல் என்றே மாரடைப்பு தொடங்கக்கூடும்.

சரி, சோடாவில் குறைந்ததே? இரத்தக்கட்டி சில நேரம் சற்று விலகி மீண்டும் அடைக்கும்; வலியும் அதற்கேற்பக் குறைந்து கூடும். அந்த இடைவெளியில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர். அமில முறிவு மருந்து கேட்டது என்பதைச் சான்றாக எடுக்கக் கூடாது. நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையில் வலி போனதால் இதயக்கோளாறுதான் என்று முடிவுகட்டுவதும் தவறு; அந்த மாத்திரை உணவுக்குழாயின் இறுக்கத்தையும் தளர்த்தும்.

நள்ளிரவு தாண்டி அவருக்குச் சட்டை நனைய வியர்க்கிறது. மனைவி 108-ஐ அழைக்கிறார். மருத்துவமனையில் பத்து நிமிடங்களுக்குள் எடுத்த முதல் இசிஜியில் தெளிவாக எதுவும் இல்லை. இங்கேதான் பலரும் வீடு திரும்பிவிட விரும்புவார்கள். பணியிலிருந்த மருத்துவர் விடவில்லை. இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்க மாதிரி அனுப்புகிறார். அது உயரச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், ஒருமுறை இயல்பாக வந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார். வலி நீடித்ததால் கால் மணி நேரம் கழித்து இசிஜியையும் மீண்டும் எடுக்கிறார். இம்முறை இதயத்தின் அடிப்பக்கத்தைக் காட்டும் மூன்று வரிகளிலும் கோடு மேலே எழும்பியிருக்கிறது; மாரடைப்பின் அடையாளம் அது.